மெஷின் மூழ்கினால் நஷ்டம் யாருக்கு? இஜாராவும் வட்டிக் கடனும்

"அண்ணே, மதுரை செல்லூரில் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்கிறேன். 6 லட்ச ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வேண்டும். வங்கியில் 12 சதவீத வட்டி, 48 மாதம் என்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்று அதே மெஷினை இஜாரா என்ற இஸ்லாமிய வாடகை முறையில் தருகிறது, மாத வாடகை 15,900. வங்கித் தவணையும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அப்படியென்றால் பெயர் மட்டும்தானே வேறு? வட்டி இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?"

தவணைத் தொகையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாதுதான், தம்பி. 6 லட்சத்துக்கு 12 சதவீதம், 48 மாதம் என்று கணக்குப் போட்டால் வங்கித் தவணை சுமார் 15,800 வரும். சங்கமும் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் வாடகையை வைத்திருக்கும், அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. வாடகையை எந்த அளவுகோலை வைத்து நிர்ணயித்தார்கள் என்பது இஜாராவைக் கெடுப்பதில்லை. மெஷின் ஒழுங்காக ஓடும் வரை இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மெஷின் கெட்டுப்போகும் நாளில்தான் எது கடன், எது வாடகை என்பது வெளியே வரும்.

வங்கி உங்களுக்குத் தருவது பணம். அது கைக்கு வந்ததும் உங்களுடையது. மெஷின் வாங்கினாலும், அது மறுநாளே பாழானாலும், வங்கிக்குத் திருப்பித் தரவேண்டிய தொகை குறையாது. இஜாராவில் சங்கம் உங்களுக்குப் பணமே தருவதில்லை. மெஷினைத் தன் பெயரில் வாங்கி, அதன் உழைப்பை மாதக் கணக்கில் உங்களுக்கு விற்கிறது. மெஷின் அதனுடையது, அதன் பயன் உங்களுடையது. வீட்டு வாடகை மாதிரிதான். கூரை இடிந்து வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் அடுத்த மாதம் முதல் வாடகை கேட்க வீட்டுக்காரருக்கு முகம் இருக்காது. பயன் கிடைக்காத நாளுக்குக் கூலி கிடையாது. பொருளின் ஆபத்தைச் சுமப்பவருக்கே அதன் ஆதாயம் என்பது நபிமொழியாகவே வந்திருக்கிற விதி. இஜாராவில் வாடகை வாங்கும் உரிமை அங்கிருந்துதான் வருகிறது.

பணத்தையும் அரிசியையும் டீசலையும் இஜாராவுக்கு விட முடியாததும் இதனால்தான். பயன்படுத்தினால் அவையே தீர்ந்துபோகும், திரும்பக் கொடுக்க அதே பொருள் இருக்காது. மெஷின், வண்டி, கட்டடம் என்று உழைத்த பிறகும் மிஞ்சி நிற்பவற்றைத்தான் வாடகைக்கு விடலாம்.

நம் ஊரில் 'லீசுக்கு வீடு' என்று சொல்கிறார்களே, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 5 லட்சம் கொடுத்து, வாடகை இல்லாமல் மூன்று வருடம் குடியிருந்து, போகும்போது அதே 5 லட்சத்தைத் திரும்ப வாங்குவது ஒத்தி. அங்கே வாடகையே கிடையாது. கொடுத்த கடனுக்குப் பதிலாக வீட்டில் இருந்துகொள்கிறீர்கள். கடனுக்காகக் கிடைக்கும் பலன் என்பதால் மார்க்க அறிஞர்களான உலமாக்கள் பெரும்பாலும் அதை வட்டிப் பக்கம்தான் வைக்கிறார்கள்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். முதலில் வரிசையைக் கவனியுங்கள். சங்கம் உண்மையிலேயே மெஷினின் சொந்தக்காரர் ஆன பிறகுதான் உங்களுக்கு வாடகைக்கு விட முடியும். டீலர் போடும் இன்வாய்ஸ் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், பணமும் சங்கத்தின் கணக்கிலிருந்து டீலருக்கே போக வேண்டும். எந்த மாடல், எத்தனை ஊசி, எத்தனை ஹெட் என்று உங்களுக்குத்தான் தெரியும் என்பதால், சங்கம் உங்களையே ஏஜெண்டாக வைத்து வாங்கச் சொல்லலாம். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் நீங்கள் சங்கத்துக்காக வாங்குகிறீர்கள். லாரியில் வரும் வழியில் மெஷின் சாய்ந்து உடைந்தால் அது சங்கத்தின் மெஷின்தான் உடைந்தது. வாடகை தொடங்குவது மெஷின் உங்கள் ஷெட்டில் இறங்கி, பொருத்தி, ஓடத் தயாரான நாளிலிருந்து. வங்கிக் கடனில் அப்படி இல்லை. பணம் டீலருக்குப் போன அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், மெஷின் ஒரு மாதம் தாமதமாக வந்தாலும்.

இந்த இடத்திலேயே பல ஒப்பந்தங்கள் சறுக்குகின்றன. சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால் இந்த மாதிரிப் பத்திரங்கள் அடிக்கடி என் மேஜைக்கு வரும். தலைப்பில் இஜாரா என்று இருக்கும். உள்ளே பார்த்தால் காசோலை வாடிக்கையாளர் கையில் கொடுத்திருப்பார்கள், இன்வாய்ஸ் அவர் பெயரில் இருக்கும், முதல் வாடகை தேதி காசோலை கொடுத்த தேதியிலிருந்து எண்ணப்பட்டிருக்கும். அது கடன். தன்னிடம் இல்லாத பொருளை ஒருவர் எப்படி வாடகைக்கு விட்டார் என்று கேட்டால் பதில் இருக்காது.

இனி நஷ்டக் கணக்கு. செல்லூரில் இருக்கிற உங்களுக்கு வெள்ளத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர் கண்மாய், பந்தல்குடி வாய்க்கால் பக்கத் தெருக்களில் தண்ணீர் உள்ளே புகுந்ததே, அந்த மாதிரி ஒரு மழை உங்கள் 18வது மாத முடிவில் வருகிறது என்று வையுங்கள். தரைத்தளத்தில் இருக்கும் மெஷினின் மோட்டாரும் கண்ட்ரோல் போர்டும் முழுக்க மூழ்கி, சரிசெய்ய முடியாது என்று சர்வீஸ்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வங்கிக் கடனாக இருந்தால்: அதுவரை 18 தவணையில் சுமார் 2,84,400 கட்டியிருப்பீர்கள். முதல் தவணைகளில் வட்டியின் பங்கு கூடுதலாக இருப்பதால் அசல் இன்னும் சுமார் 4,07,800 பாக்கி நிற்கும். மெஷின் இல்லை, வேலை இல்லை, தவணை மட்டும் அடுத்த 30 மாதமும் தொடரும். இன்சூரன்ஸ் இருந்து, பாலிசியில் வெள்ளமும் சேர்ந்திருந்தால் அந்தப் பணம் கடனை அடைக்கலாம். இல்லையென்றால் முழுச் சுமையும் உங்கள் தலையில்.

இஜாராவாக இருந்தால்: மெஷின் பயன்தராமல் போன நாளோடு ஒப்பந்தம் முடிந்துவிடும். 19வது மாத வாடகை என்று ஒன்று கிடையாது. மீதி 30 மாத வாடகையும் விழாது, ஏனென்றால் அது கடன் பாக்கி அல்ல, இன்னும் கிடைக்காத பயனுக்கான விலை. காயலான் கடைக்குப் போகும் மெஷினும் சங்கத்துடையதுதான்.

இத்தோடு முடியவில்லை, பலருக்கும் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. நீங்கள் மாதம் 15,900 கொடுத்தது வெறும் பயன்பாட்டுக்கு மட்டுமல்ல. 48 மாதம் முடிந்தால் மெஷின் உங்களுக்கே வரும் என்ற எதிர்பார்ப்பில்தான் வாடகையைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். அதே மெஷினை வெளியில் வெறும் வாடகைக்கு எடுத்தால் 11,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாதம் 4,900 அதிகமாகக் கொடுத்தது மெஷின் கைக்கு வரும் என்ற நம்பிக்கையில். உங்கள் தவறு எதுவும் இல்லாமல் மெஷின் அழிந்து, அது உங்களுக்கு வரவே போவதில்லை என்று ஆனபின் அந்த அதிகப்படியைச் சங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது. பஹ்ரைனில் இயங்கும், இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு விதிமுறை வகுக்கும் அயோஃபி அமைப்பின் 9வது ஷரீஆ தரவிதி இதைச் சொல்கிறது: வாடகையைச் சந்தை வாடகை அளவுக்குத் திருத்தி, வித்தியாசத்தை வாடகைதாரருக்குத் திருப்பித் தர வேண்டும். உங்கள் கணக்கில் அது 18 மாதத்துக்கு 88,200 ரூபாய்.

சங்கத்தின் பக்கமும் பாருங்கள். 6 லட்சம் போட்டது. 2,86,200 வாடகை வாங்கி 88,200 திருப்பிக் கொடுத்தால் கையில் நிற்பது 1,98,000. மீதி 4,02,000 அதன் நஷ்டம், இன்சூரன்ஸிலோ காயலான் விலையிலோ கிடைப்பது போக. இந்த நஷ்டம் தன் வாசலுக்கு வரக்கூடும் என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வாடகை ஹலால். அது எப்போதுமே தன் பக்கம் வராது என்று பத்திரத்தில் பூட்டிவிட்டு வாடகை மட்டும் வாங்கினால், அது வாடகை வேஷம் போட்ட வட்டி.

அதனால் பத்திரம் கைக்கு வந்ததும் முதலில் சேதம் பற்றிய பிரிவைத் தேடுங்கள். "எக்காரணத்தால் சேதம் ஏற்பட்டாலும் மீதமுள்ள வாடகை முழுவதையும் வாடகைதாரர் செலுத்த வேண்டும்" என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருந்தால் மற்ற பக்கங்களைப் படிக்க வேண்டியதில்லை. சாதாரண ஃபைனான்ஸ் லீஸ் பத்திரங்களில் இந்த வரி வழக்கமாக இருக்கும். அதை எடுத்து மேலே இஜாரா என்று தலைப்புப் போட்டு அப்படியே பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

முழு அழிவு அபூர்வம்தான். ரிப்பேர் அப்படியல்ல, அது மாதாமாதம் வரும் விஷயம். நூல், ஊசி, பாபின், எண்ணெய், வழக்கமான சுத்தம் எல்லாம் உங்கள் செலவு, அது ஓட்டுகிறவர் பொறுப்பு. மெயின் மோட்டார், கண்ட்ரோல் போர்டு, ஷாஃப்ட் என்று மெஷினே நிற்கக் காரணமாகிற பழுதுகள் சொந்தக்காரர் பொறுப்பு. மார்க்கச் சட்ட அறிஞர்களின் அமைப்பான சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத் கூட்டத்தில் சொத்து கைமாறுவதில் முடியும் இஜாராவைப் பற்றித் தீர்மானம் போட்டபோது, ஓட்டுவதற்கான பராமரிப்பு தவிர மற்றது வாடகைக்கு விடுபவர் மேல் என்று தெளிவாகவே சொன்னது. போர்டு போய் மெஷின் 12 நாள் நின்றால் அந்த 12 நாள் வாடகையும் விழக்கூடாது. உங்கள் வாடகையில் அது 6,360 ரூபாய். நடைமுறையில் ஒவ்வொரு தடவையும் சங்கத்து ஆள் வந்து மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் உங்களையே ஏஜெண்டாக வைத்து ரிப்பேர் பார்த்துவிட்டு பில் தரச் சொல்லலாம். வேலை உங்களுடையது, செலவு அவர்களுடையது, அவ்வளவுதான்.

இன்சூரன்ஸும் இதே மாதிரி. மெஷின் யாருடையதோ பிரீமியமும் அவருடையது. சங்கம் அதை முன்கூட்டியே கணக்கிட்டு வாடகையில் சேர்த்துக்கொள்ளலாம், 15,900க்குள் அதுவும் இருக்கலாம். ஆனால் ஒப்பந்தம் போட்ட பிறகு பிரீமியம் கூடிவிட்டது என்று தனியாக உங்களிடம் வசூலிக்கக் கூடாது. சாதாரண இன்சூரன்ஸே கூடுமா என்பது ஆலிம்களிடையே தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மெஷின் போனால் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். மெஷின் உங்களிடம் அமானிதமாக, அதாவது நம்பி ஒப்படைத்த பொருளாக, இருக்கிறது. உங்கள் அலட்சியத்தால் கெட்டால் நீங்கள்தான் ஈடு கட்ட வேண்டும். இங்கேதான் உண்மையான தகராறு வரும். தண்ணீர் வந்தது இயற்கை என்பீர்கள் நீங்கள். கண்மாய் நிரம்பி வருகிறது என்று தெரிந்தும் மெஷினைத் தரையில் விட்டதாகச் சங்கம் சொல்லும். ஆகவே எது கவனம், எது அலட்சியம் என்று முதல் நாளே எழுதிவிடுவது நல்லது. செல்லூர் மாதிரி இடத்தில் மெஷின் தரையிலிருந்து இரண்டு அடி உயர மேடையில் இருக்க வேண்டும், ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டக்கூடாது, வெளியாளுக்குக் கொடுக்கக்கூடாது என்று மூன்று நான்கு நிபந்தனை போதும். மேடை கட்டும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். மேடை கட்டியதும் மெஷினோடு சேர்த்துப் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். அமானிதமாக வைத்திருப்பவர் மேல் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது சொந்தக்காரர்தான், இருந்தாலும் படம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

எழுதிவிடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் இஸ்லாமிய வங்கிக்கு உரிமம் கிடையாது. வட்டியில்லாப் பிரிவு திறக்கும் யோசனையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது 2017இல் வெளியே வந்தது. ஷரீஆ விதியை மீறிவிட்டார்கள் என்று போய் நிற்க ஒரு அரசு அலுவலகம் இல்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பார்ப்பது உங்கள் பத்திரத்தையும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872ஐயும்தான். அந்தச் சட்டத்தின் 151, 152ஆம் பிரிவுகள் இஜாராவுக்கு மிகவும் நெருக்கமாகவே இருக்கின்றன: பிறர் பொருளை வைத்திருப்பவர் சராசரி விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டிருந்தால், அது சேதமானதற்கு அவர் பொறுப்பல்ல. ஆனால் 152இல் ஒரு விலக்கு இருக்கிறது. தனி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்தான் இது பொருந்தும். அதாவது எல்லாச் சேதமும் வாடகைதாரர் மேல் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் சட்டம் அந்தக் கையெழுத்தைத்தான் மதிக்கும். இஜாரா என்ற தலைப்பு உங்களைக் காப்பாற்றாது.

தாமதக் கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை தாமதமானால் சங்கம் அபராதம் போடலாம், ஆனால் அது தர்மத்துக்குப் போக வேண்டும், சங்கத்தின் வருமானத்தில் சேரக்கூடாது. அவர்களுடைய வருடாந்திரக் கணக்கைக் கேட்டு வாங்கி, அந்தத் தொகை எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். மற்ற எதையும்விட அது அந்தச் சங்கத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

கடைசியில் மெஷின் உங்களுக்கு எப்படி வரும்? வாடகை ஒப்பந்தத்துக்குள்ளேயே விற்பனையைச் சேர்த்து எழுதக்கூடாது. 48 மாத வாடகையும் கட்டி முடித்தால் அன்பளிப்பாகத் தருகிறேன், அல்லது இன்ன விலைக்கு விற்கிறேன் என்று சங்கம் தனித் தாளில் வாக்குறுதி தர வேண்டும். நேரம் வந்ததும் இன்னொரு பத்திரம் போட்டுக் கைமாற்ற வேண்டும். பழைய ஹயர் பர்ச்சேஸ் மாதிரி கடைசித் தவணை கட்டியதும் தானாகவே உங்கள் பெயருக்கு மாறிவிடும் என்று எழுதியிருந்தால் வாடகையும் விற்பனையும் ஒன்றாகக் கலந்துவிடும், அதைத்தான் ஃபிக்ஹ் அகாடமி தடுத்தது. அந்த வாக்குறுதித் தாளை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையில் விட்டுவிட்டு 48வது மாதம் நிர்வாகம் மாறியிருந்தால் சிக்கல்.

பணக் கணக்கில் உங்களுக்கு ஒரு பாதகமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. வங்கிக் கடனுக்கு வாங்கினால் மெஷின் விலைக்கு ஒரு தடவைதான் ஜிஎஸ்டி, கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. இஜாராவில் ஒவ்வொரு மாத வாடகைக்கும் ஜிஎஸ்டி உண்டு, மெஷினுக்கு என்ன விகிதமோ பெரும்பாலும் அதே விகிதம். 48 மாதத்துக்கு 7,63,200 வாடகை வருகிறதே, அதில் விலைக்கு மேல் உள்ள 1,63,200க்கும் சேர்த்து வரி கட்டுகிறீர்கள். உங்களிடம் ஜிஎஸ்டி பதிவு இருந்து, ஜாப் ஒர்க் பில்லிலும் வரி போட்டால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லையென்றால் அது சுத்தச் செலவு. 15,900 என்பது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். வருமான வரியில் மெஷினின் தேய்மானம் சொந்தக்காரரான சங்கத்துக்குப் போகும், நீங்கள் கட்டும் வாடகையைச் செலவாகக் காட்டலாம்.

சங்கத்துக்குப் போகும்போது நேரே மூன்று விஷயம் கேளுங்கள். இன்வாய்ஸ் யார் பெயரில் வரும், என் தவறில்லாமல் மெஷின் அழிந்தால் 19வது மாதம் நான் என்ன கட்ட வேண்டும், அந்த மெஷினின் வெறும் வாடகை எவ்வளவு என்று இணைப்பில் எழுதித் தருவீர்களா. மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் தயங்குவார்கள். அந்த 11,000 எழுத்தில் இல்லாவிட்டால் 88,200ஐத் திரும்பக் கேட்க உங்களிடம் ஒரு அடிப்படையும் இருக்காது.